முதல் பயிற்சி வகுப்பு சொதப்பிவிட்டது, மீள்நோக்குக் குறிப்பில் என்ன எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய், முதல் வகுப்பு எதிர்பார்த்தபடி அமையாமல், அன்று மாலை ரிஃப்ளெக்டிவ் ஜர்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். பொதுவாகச் சொன்னால் கைக்கு எதுவும் அகப்படாது என்பதால், விளக்கத்துக்காக அமைத்த ஒரே ஒரு வகுப்பை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துக்கொள்கிறோம். ஒன்பதாம் வகுப்பு, அறிவியல், பாடம் அடர்த்தி, 38 மாணவர்கள், 45 நிமிடப் பாடவேளை.

வகுப்பு முடிஞ்சு வந்ததும் எழுதவே மனசு வரல. ரெண்டு நாள் கழிச்சு நிதானமா எழுதினா ஆகாதா?

ஆராய்ச்சியை இரண்டு நாள் கழித்து எழுதலாம். நடந்ததை மட்டும் அப்படி எழுத முடியாது. நீங்கள் கேட்ட கேள்வியின் சரியான சொற்கள், அதற்குப் பிறகு வந்த அமைதி, சத்தம் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்பதெல்லாம் ஒரே இரவில் கரைந்துபோகும். அவற்றின் இடத்தில் 'மோசமான வகுப்பு' என்ற ஒரே எண்ணம் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் எழுதும் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வுக்குப் பத்து நிமிடம் போதும். வகுப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். வாக்கியம் சரியாக அமைய வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியும் எந்த நிமிடத்தில் தொடங்கியது, நீங்கள் கேட்ட இரண்டு மூன்று கேள்விகள் சொல்லுக்குச் சொல், யார் பதில் சொன்னார்கள் (பெயர் வேண்டாம், 'முன்வரிசை இடப்பக்கம்' என்றால் போதும்), எந்தப் பகுதி விடுபட்டது ஆகிய நான்கும் இருந்தால் நல்லது. கரும்பலகையை அழிப்பதற்கு முன் அதில் இருந்ததை அப்படியே தாளில் வரைந்துகொள்ளுங்கள். பள்ளி அனுமதித்தால், மாணவர் யாரும் விழாதபடி பலகையை மட்டும் படம் எடுக்கலாம். பலகைப் படியைத் தேவையில்லாத வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் முக்கியமான விடை கிடைப்பதே அதிலிருந்துதான்.

இரண்டாவது அமர்வு மறுநாள் இருக்கட்டும். மாணவர்களின் நோட்டுகளைப் பார்த்த பிறகு அதைத் தொடங்குங்கள்.

நடந்ததை எழுதுன்னா, "ஒரே சத்தம், யாரும் கவனிக்கல, நேரமும் போதல" இதுதான் வருது. உண்மையும் அதுதானே?

அவை மூன்றும் தீர்ப்புகள். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டால் காரணம் தேடுவதற்கு இடமே இருக்காது. 'யாரும் கவனிக்கவில்லை' என்று எழுதிய கை அடுத்த வரியில் 'இனிமேல் கண்டிப்பாக இருப்பேன்' என்றுதான் எழுதும். ஒவ்வொரு தீர்ப்புக்கும் அடியில் கண்ணால் கண்டது, காதால் கேட்டது என்ன என்று எழுதிப் பாருங்கள்.

'ஒரே சத்தம்' என்பது நம் எடுத்துக்காட்டில் இப்படி மாறுகிறது: 'குழுச்செயல்பாடு 19ஆம் நிமிடத்தில் தொடங்கியது. முதல் ஐந்தாறு நிமிடம் சத்தமில்லை. ஏறத்தாழ 25ஆம் நிமிடத்தில் பின்பக்கத்து இரண்டு குழுக்களில் பேச்சு தொடங்கியது. 27இல் குரலை உயர்த்தினேன். 31இல் கத்தினேன். முன்பக்கத்து இரண்டு குழுக்கள் அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.' இதில் புதிய தகவல் இரண்டு கிடைத்துவிட்டன. சத்தம் தொடக்கத்திலிருந்தே இருக்கவில்லை, எல்லாரிடமிருந்தும் வரவும் இல்லை. அப்படியானால் 25ஆம் நிமிடத்தில், அந்தப் பக்கத்தில், ஏன்? குறிப்பு ஆராய வேண்டிய கேள்வி இது.

திட்டமிட்ட நேரத்தையும் நடந்த நேரத்தையும் எப்படி ஒப்பிடுவது?

பாடக்குறிப்பின் ஓரத்திலேயே இன்னொரு நெடுவரிசை போட்டால் போதும். நம் வகுப்பில் அது இப்படி இருக்கும்:

| பகுதி | திட்டம் (நிமிடம்) | நடந்தது (நிமிடம்) |
|---|---|---|
| வருகைப்பதிவு, பொருள்களை எடுத்து வைத்தல் | இல்லை | 0–4 |
| கல், மரக்கட்டை இரண்டையும் நீரில் போட்டுக் காட்டுதல் | 0–5 | 4–9 |
| வரையறை, வாய்பாடு, பலகையில் அட்டவணை | 5–13 | 9–19 |
| குழுவாக அளந்து அடர்த்தி காணுதல் | 13–28 | 19–43 |
| கலந்துரையாடல்: எண்ணும் மிதத்தலும் | 28–40 | நடக்கவில்லை |
| முடிவுக் கேள்வி | 40–45 | 'வீட்டில் எழுதி வாருங்கள்' |

வருகைப்பதிவுக்குத் திட்டத்தில் நேரமே ஒதுக்கவில்லை. முதல் பாடக்குறிப்புகளில் அடிக்கடி காணும் விடுபடல் இது, அடுத்த முறை சுலபமாகச் சரியாகிவிடும். அதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். குழுச்செயல்பாடு 15 நிமிடத்துக்குப் பதில் 24 நிமிடம் ஓடியதும், அதனால் கலந்துரையாடல் முழுவதும் போனதும்தான் பெரிய விஷயம். அந்த 9 நிமிடம் எங்கே போனது என்பதைத் துரத்துங்கள்.

அது எங்கே போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பசங்க விளையாடிட்டு இருந்தாங்கன்னுதான் தோணுது.

செயல்பாட்டைக் கருவிகளின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆறு குழுக்கள் இருந்தன. நான்கில் ஆறு ஆறு பேர், பின்பக்கத்து இரண்டில் ஏழு ஏழு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அளவுசாடி, ஓர் அளவுகோல், ஒரு கல், ஒரு மரக்கட்டை. தராசு மட்டும் வகுப்புக்கே ஒன்று, ஆசிரியர் மேசையில். குழுக்கள் முன்னாலிருந்து வரிசையாக வந்து நிறை பார்த்தன.

ஒரு பொருளை எடுத்துவந்து நிறுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்ப ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். ஆறு குழுக்கள், குழுவுக்கு இரண்டு பொருள்கள், மொத்தம் 12 முறை. பன்னிரண்டு இரண்டு 24 நிமிடம். அதாவது வகுப்பு முழுவதும் மூச்சுவிடாமல் அமைதியாக இருந்திருந்தாலும் இந்தச் செயல்பாடு 15 நிமிடத்தில் முடிந்திருக்காது.

சத்தத்துக்கான காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. கல்லை அளவுசாடி நீரில் இறக்கி நீர்மட்டம் உயர்வதைப் பார்க்கவும், மரக்கட்டையை அளவுகோலால் அளந்து நீளம், அகலம், உயரம் பெருக்கவும் ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம் போதும். 24ஆம் நிமிடத்துக்குள் எல்லாருக்கும் பருமன் கிடைத்துவிட்டது. ஐந்தாவது குழுவுக்குத் தராசு கிடைப்பது 35ஆம் நிமிடத்தில், ஆறாவதுக்கு 39இல். இடைப்பட்ட பத்து, பதினைந்து நிமிடம் 14 பேருக்கு எந்த வேலையும் இல்லை. வேலையில்லாத 14 வயதுப் பிள்ளைகள் பேசுவார்கள். 25ஆம் நிமிடத்தில், பின்பக்கத்தில் சத்தம் தொடங்கியது இதனால்தான்.

'வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை' என்பதற்குப் பதில் 'ஒரு தராசுக்கு 12 நிறுத்தல்கள் என்று திட்டமிட்டுவிட்டேன்' என்று எழுத முடிவது பெரிய மாற்றம். முன்னதைத் திருத்த எங்கே தொடங்குவது என்றே தெரியாது. பின்னதை நாளைக்கே திருத்தலாம்: மரக்கட்டைகளை முன்கூட்டியே நிறுத்து, நிறையைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் நிறுத்தல்கள் ஆறாகக் குறையும், 12 நிமிடத்தில் முடியும்.

இதற்காகச் சத்தம் எல்லாமே திட்டத்தின் குறைதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தராசு கிடைத்து வேலை முடிந்த குழுவும் பேசிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். அப்படியானால் வேறொரு காரணமும் இருக்கிறது, அதைத் தனியாக எழுதுங்கள்.

நோட்டுகளைப் பார்க்கச் சொல்றீங்க. திருத்தவா? என்ன தேடணும்?

சரி, தவறு போடுவதோடு நிறுத்தாமல் தவறுகளை வகைப்படுத்துங்கள். 38 நோட்டுகளை மேசையில் விரித்து ஒரே மாதிரி விடைகளை ஒரே அடுக்காக வைத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நம் வகுப்பில் மூன்று அடுக்குகள் வருகின்றன. அடர்த்தியைச் சரியாகக் கண்டவர்கள் 11 பேர். வகுத்தலைத் தலைகீழாகச் செய்தவர்கள், அதாவது பருமனை நிறையால் வகுத்தவர்கள், 19 பேர். அடர்த்திக்கான கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் 8 பேர். வெறுமையாக விட்டவர்களில் ஏழு பேர் கடைசிக் குழு, ஒருவர் அதற்கு முந்தைய குழு. இது தராசுக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது, அந்த அடுக்கை ஒதுக்கி வைத்துவிடலாம்.

வியப்பைத் தருவது 19 பேரின் அடுக்கு. முதலில், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்களோ என்று பார்க்க வேண்டும். 19இல் பெரும்பாலானவை இரண்டு மூன்று குழுக்களுக்குள் அடங்கினால் அந்தச் சந்தேகம் சரி. இங்கே ஐந்து குழுக்களிலும் பரவியிருக்கிறது. ஆக, எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஏதோ ஒன்றுதான் காரணம். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கரும்பலகை.

இப்போது பலகைப் படியை எடுங்கள். அதில் அட்டவணை 'பொருள், பருமன், நிறை, அடர்த்தி' என்ற வரிசையில் இருக்கிறது. பருமனைத்தான் முதலில் அளப்பார்கள் என்பதால் பயிற்சி ஆசிரியர் அதை முதலில் எழுதியிருக்கிறார். அட்டவணைக்கு இடம் வேண்டும் என்று 'அடர்த்தி = நிறை ÷ பருமன்' என்ற வரியை 18ஆம் நிமிடத்தில் அழித்தும் இருக்கிறார். கணக்குப் போடும் நேரத்தில் மாணவர் கண் முன்னால் வாய்பாடு இல்லை, இரண்டு எண்கள் மட்டும் இடமிருந்து வலமாக இருந்தன. அவர்கள் இடப்பக்க எண்ணை வலப்பக்க எண்ணால் வகுத்தார்கள்.

இது ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். வாய்பாட்டை நோட்டில் எழுதிக்கொண்டவர்கள் யார் என்று எண்ணுங்கள். சரியாகச் செய்த 11 பேரில் 9 பேரிடம் வாய்பாடு இருக்கிறது. தலைகீழாகச் செய்த 19 பேரில் 4 பேரிடம் மட்டும் இருக்கிறது. முடிந்த முடிவாகச் சொல்ல இது போதாது, கவனமாக எழுதும் பிள்ளைகள் கணக்கையும் கவனமாகச் செய்திருக்கலாம். 'பெரும்பாலும் இதுதான்' என்று எழுத இவ்வளவு போதும்.

அப்ப அடுத்த வகுப்புல அட்டவணையை மாத்திப் போட்டா சரியாயிடும், இல்லையா?

அவசரப்பட வேண்டாம். 'நிறை, பருமன், அடர்த்தி' என்று மாற்றிப் போட்டால் எல்லாரும் இடப்பக்கத்தை வலப்பக்கத்தால் வகுத்து, சரியான விடை எழுதிவிடுவார்கள். புரிந்துகொண்டவர் யார், வரிசையைப் பின்பற்றியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். தவறு மறையும், ஆனால் அதன் வேர் அப்படியே இருக்கும்.

நோட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். ஒரு குழுவின் கல் 50 கிராம், 20 கன சென்டிமீட்டர். அடர்த்தி 2.5 வந்திருக்க வேண்டும், 0.4 எழுதியிருக்கிறார்கள். மரக்கட்டை 18 கிராம், 30 கன சென்டிமீட்டர். 0.6 வந்திருக்க வேண்டும், 1.67 என்று இருக்கிறது. நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். அவர்கள் எழுதிய எண்களின்படி கல் மிதக்க வேண்டும், கட்டை மூழ்க வேண்டும். வகுப்பின் தொடக்கத்தில் அதற்கு நேர்மாறாக நடந்ததை அவர்களே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 19 பேரில் ஒருவர்கூட அந்த எண்ணின் பக்கத்தில் கேள்விக்குறி போடவில்லை.

இங்கேதான் வகுப்பின் உண்மையான இழப்பு தெரிகிறது. எண்ணையும் மிதத்தலையும் இணைப்பதற்காக வைத்திருந்த 12 நிமிடக் கலந்துரையாடல்தான் நடக்காமல் போன பகுதி. அடர்த்தி என்பது நீரில் பார்த்ததைப் பற்றிய எண் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது இன்னொரு வகுத்தல் கணக்கு. ஆகவே அடுத்த வகுப்பில் பருமனை முதலிலேயே விட்டுவையுங்கள், வாய்பாட்டைப் பலகையின் மேல்மூலையில் கட்டம் கட்டி அழிக்காமல் வையுங்கள், வகுப்பதற்கு முன் 'விடை 1ஐவிடக் கூடவா, குறைவா? ஏன்?' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

நான் கேள்வி கேட்டப்ப ஒருத்தரும் வாயே திறக்கல. கடைசில நானே பதில் சொல்லிட்டேன். அதை எப்படி எழுதறது?

கேட்ட சொற்களையும், காத்திருந்த நேரத்தையும் எழுதுங்கள். அறிவியல் வகுப்புகளில் ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை 1970களில் மேரி பட் ரோ ஆராய்ந்தார். பெரும்பாலும் ஒரு வினாடி அளவே காத்திருந்தார்கள். மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, கேட்காமலே பதில் சொல்ல முன்வந்தவர்கள் கூடினார்கள், பதிலே வராத சந்தர்ப்பங்கள் குறைந்தன. முன்னால் நிற்பவருக்கு மூன்று வினாடி மிக நீளமாகத் தோன்றும். 'காத்திருந்தேன்' என்று உங்கள் நினைவு சொன்னாலும் அதை முழுதாக நம்ப வேண்டாம்.

காத்திருப்பு ஒரு பாதிதான். நம் எடுத்துக்காட்டில் கேட்கப்பட்ட கேள்வி 'அடர்த்தி என்றால் என்ன?' பாடம் தொடங்கும்போதே அதற்குப் பதில் தெரிந்திருக்க வழியில்லை. பத்து வினாடி காத்திருந்தாலும் அமைதிதான் மிஞ்சியிருக்கும். 'கல் சின்னது, கட்டை பெரியது. பிறகு ஏன் கல் மூழ்குகிறது?' என்று கேட்டிருந்தால் தவறாகவாவது சொல்ல எல்லாரிடமும் ஏதாவது இருந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், 'இதற்குப் பதில் சொல்ல மாணவருக்கு அந்த நிமிடத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று எழுதிப் பாருங்கள். எதுவும் எழுத வரவில்லை என்றால் கேள்வியை மாற்ற வேண்டும்.

அழுகையே வந்துச்சு. அதையெல்லாம் எழுதலாமா?

எழுத வேண்டும். பலர் பின்பற்றும் கிப்ஸ் சுழற்சியில் (1988) நடந்ததை விவரித்ததும் அடுத்த படியே உணர்வுகள்தான். அந்தப் படிக்கு மூன்று நான்கு வரி கொடுங்கள். உணர்வு உங்கள் செயலை எந்த நிமிடத்தில் மாற்றியது என்பதையும் சேர்த்து எழுதினால் அந்த வரிகள் ஆராய்ச்சிக்கும் உதவும். '31ஆம் நிமிடத்தில் கத்தியபின் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு பின்பக்கத்துக் குழுக்களிடம் போகவே இல்லை, முன்பக்கத்தில் நின்றுகொண்டேன்' என்பது வெறும் மனக்குறை இல்லை. கடைசிக் குழு என்ன செய்துகொண்டிருந்தது என்பது உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கான விளக்கம்.

'எனக்கு இந்த வேலை சரிப்படாது' என்று எழுதத் தோன்றினால் அதையும் எழுதலாம், முதல் அமர்வின் தாளில். மறுநாள் ஆராய்ச்சியில் அதற்கு இடம் இல்லை. 45 நிமிடத்தை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது.

கிப்ஸோட ஆறு படியையும் தலைப்புப் போட்டு எழுதியே ஆகணுமா?

உங்கள் கல்லூரி கேட்டால் எழுதுங்கள். விவரிப்பு, உணர்வுகள், மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என்பவை அந்த ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பதுதான் வழக்கமான பிழை. ஒன்றரைப் பக்கக் குறிப்பில் விவரிப்புக்கு மட்டும் ஒரு பக்கம் போய்விட்டால் மீதிக்கு எதுவும் மிஞ்சாது. பகுப்பாய்வுக்குப் பாதியாவது ஒதுக்குங்கள். கட்டாயம் இல்லை என்றால் 'என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன' என்ற மூன்றே போதும்.

வழிகாட்டி ஆசிரியர் "வகுப்புக் கட்டுப்பாடு போதாது"ன்னு ஒரு வரி எழுதிட்டார். அதை ஒத்துக்கணுமா, மறுக்கணுமா?

இரண்டும் வேண்டாம், அவரிடம் இடத்தைக் கேளுங்கள். 'எந்த இடத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியது, ஐயா?' அல்லது 'அம்மா' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தையோ ஒரு மூலையையோ சுட்டிக்காட்டுவார். பின்வரிசையிலிருந்து பார்த்தவருக்கு உங்களுக்குத் தெரியாதது தெரிந்திருக்கும். அவர் '25ஆம் நிமிடத்திலிருந்து பின்னால் யாருக்கும் வேலை இல்லை' என்று சொன்னால், உங்கள் தராசுக் கணக்குக்கு அது இன்னொரு சாட்சி. 'தொடக்கத்திலேயே நீங்கள் அவர்களைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேசினீர்கள்' என்று சொன்னால், நீங்கள் கவனிக்காத ஒரு காரணம் கிடைக்கிறது.

அவர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அப்படியே விடுங்கள். அடுத்த வகுப்புக்கு முன் 'இன்று பின்பக்கத்து இரண்டு குழுக்களை மட்டும் பார்த்து, வேலையில்லாமல் இருந்த நிமிடங்களைக் குறித்துத் தர முடியுமா?' என்று கேளுங்கள். பொதுவாகக் கருத்துக் கேட்பதைவிட இப்படி ஒன்றைக் கேட்டால் கிடைக்கும் பதில் பல மடங்கு பயனுள்ளது.

நல்லா நடந்த எதையாவது எழுதணுமா? சும்மா ஒப்புக்கு எழுதற மாதிரி இருக்கு.

ஒப்புக்கு என்றால் வேண்டாம். காரணத்தோடு எழுத முடிந்தால் எழுதுங்கள். நம் வகுப்பில் கல்லையும் கட்டையையும் நீரில் போட்ட ஐந்து நிமிடமும் எல்லாக் கண்களும் முகவையின் மேல் இருந்தன. போடுவதற்கு முன் 'எது மூழ்கும்?' என்று கைதூக்கச் சொன்னதுதான் காரணம் என்று தோன்றினால், அடுத்த வகுப்பிலும் முன்கூட்டி ஊகிக்கச் சொல்லும் உத்தி உங்களுக்கு இருக்கிறது.

செயல்திட்டத்துல எத்தனை மாற்றம் எழுதலாம்?

பெரிய மாற்றம் ஒன்று. அதோடு அது பலித்ததா என்பதை எப்படி அறிவீர்கள் என்பதும். 'குரலை உயர்த்துவேன், நேரத்தைக் கவனிப்பேன், படங்கள் காட்டுவேன், எல்லாரையும் ஈடுபடுத்துவேன்' என்று ஏழெட்டு எழுதினால், அடுத்த வகுப்பு மேம்பட்டாலும் எதனால் என்று தெரியாது. வருகைப்பதிவுக்கு நான்கு நிமிடம் ஒதுக்குவது போன்ற சில்லறைத் திருத்தங்களைப் பாடக்குறிப்பிலேயே செய்துகொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதலாம்:

'அடுத்த வகுப்பின் முதல் எட்டு நிமிடத்தில் யாருடைய நோட்டு என்று சொல்லாமல் 0.4 என்ற எண்ணைப் பலகையில் எழுதுவேன். அதே கல்லை மறுபடி நீரில் போடுவேன். "இந்தக் கல்லின் அடர்த்தி 0.4 என்றால், நீரின் அடர்த்தி 1 என்றால், கல் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேட்டு, யாரையும் சுட்டாமல் ஒரு நிமிடம் நோட்டில் எழுத விடுவேன். பிறகுதான் பதில் கேட்பேன். அடுத்து, நிறை எழுதி ஒட்டிய இரண்டு புதிய பொருள்கள். பருமன் முதல் நெடுவரிசையிலேயே இருக்கும். வகுக்கும் முன் 1ஐவிடக் கூடவா குறைவா என்று காரணத்தோடு எழுத வேண்டும். 38 பேரில் 30 பேராவது ஊகத்தையும் விடையையும் பொருந்த எழுதினால் மாற்றம் பலித்தது என்று கொள்வேன். ஊகம் சரி, விடை தலைகீழ் என்றால் வகுத்தலில் இன்னும் சிக்கல் இருக்கிறது. விடை சரி, ஊகத்துக்குக் காரணம் இல்லை என்றால் எண்ணும் மிதத்தலும் இன்னும் இணையவில்லை.'

30 என்ற எண்ணுக்குத் தனி மகிமை இல்லை. வகுப்புக்கு முன்பே ஓர் எண்ணை எழுதி வைப்பதுதான் முக்கியம். முடிந்தபின் எழுதினால், வந்த எண்ணையே போதுமானது என்று மனம் ஏற்றுக்கொள்ளும்.

மதிப்பெண் போடறவங்க இதைப் படிப்பாங்க. தோல்வியை இவ்வளவு விவரமா எழுதினா குறைச்சிட மாட்டாங்களா?

மதிப்பீட்டுக் குறிப்பை வாங்கிப் பாருங்கள். மீள்நோக்கு எழுத்தை மதிப்பிடும் பல குறிப்புகள், வெறும் விவரிப்பையும் காரணம் தேடும் எழுத்தையும் வேறுபடுத்துகின்றன. ஹாட்டன், ஸ்மித் இருவரும் 1995இல் வகுத்த நான்கு நிலைகளிலும் அடியில் இருப்பது வெறும் விவரிப்பு. அதற்கு மேல் காரணம் கூறும் எழுத்து, வேறு விளக்கங்களையும் எடைபோடும் எழுத்து, பரந்த சூழலையும் கருத்தில் கொள்ளும் எழுத்து என்று ஏறுகிறது. 'பார்த்து எழுதியிருப்பார்களோ, அட்டவணையோ, கவனமான பிள்ளைகளோ' என்று எடைபோட்ட பத்தி மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. எல்லாம் நன்றாக நடந்த வகுப்பில் அப்படி ஒரு பத்தி எழுதப் பொருளே அகப்படாது.

வகுப்பைப் பார்த்துப் போடும் மதிப்பெண் வேறு, அதில் சத்தமும் நேரமும் கணக்கில் வந்திருக்கும். குறிப்பை எப்படி எழுதினாலும் அது மாறாது.

மாணவர் பெயரை எழுதலாமா?

வேண்டாம். பள்ளியின் பெயரும் வேண்டாம். 'ஐந்தாம் குழு, ஜன்னல் ஓர மாணவி' போன்ற அடையாளம்கூட ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு யாரென்று காட்டிக்கொடுத்துவிடும் என்றால் 'ஒரு மாணவர்' என்று மட்டும் எழுதுங்கள். நோட்டுப் பக்கத்தை இணைக்க விரும்பினால் பெயரை மறைத்து, வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டுவிட்டு இணைக்கலாம்.

எனக்கு அதே வகுப்பு மறுபடி கிடைக்கல. வேற பிரிவு, வேற பாடம். இந்தக் குறிப்பால இனி என்ன பயன்?

0.4ஐ வைத்துத் தொடங்கும் அந்த எட்டு நிமிடம் பயன்படாது. அதை வகுப்பின் வழக்கமான ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்: '19 பேர் தலைகீழாக வகுத்திருக்கிறார்கள், கடைசிக் குழுவுக்குத் தராசு கிடைத்ததே 39ஆம் நிமிடத்தில்தான், கணக்குப் போட நேரம் இருக்கவில்லை.' அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி அது.

புதிய பாடத்துக்கு மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள். வகுப்புக்கே ஒன்றாக இருக்கும் கருவி எது, அதை எத்தனை முறை பயன்படுத்த வேண்டும்? காத்திருக்கும் நேரத்தில் கடைசிக் குழுவின் கையில் என்ன வேலை இருக்கும்? செயல்பாடு நடக்கும்போது பலகையில் என்ன இருக்கும், அதை மட்டும் பார்த்துச் செய்யும் மாணவர் எங்கே தவறுவார்? நிலப்படம் வரையும் சமூக அறிவியல் வகுப்பில் கருவி ஒரு பெரிய வரைபடமாக இருக்கலாம், மொழி வகுப்பில் ஒரே ஓர் அகராதியாக இருக்கலாம். பாடக்குறிப்பை வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் ஓரத்தில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். முதல் கேள்விக்குப் பெருக்கல் கணக்கைப் போட்டே எழுதுங்கள்.